நடுவரின் கடுஞ்சொல்லில் நாம் ரசிப்பது எது?

கேள்வி: சமையல், பாட்டுப் போட்டிகளில் நடுவர் கடுமையாகப் பேசும்போது பார்க்கிற நமக்கு ஏன் அவ்வளவு சுவாரசியமாக இருக்கிறது? கறாரான விமர்சனத்துக்கும் அவமானப்படுத்துவதற்கும் வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டுப் போட்டியையும் சமையல் போட்டியையும் முதலில் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பாடகர் சுருதி விலகினால் அது நடுவர் காதில் விழும் அதே நொடியில் நம் காதிலும் விழுகிறது. சமைத்தது மட்டும் நம் நாக்குக்கு வருவதே இல்லை. முதலாவதில் நாமும் ஒரு நடுவர், இரண்டாவதில் வெறும் சாட்சி. இரண்டு இடத்திலும் கடுஞ்சொல் வேலை செய்வதற்கான காரணம் இதை ஒட்டியே வேறுபடுகிறது.

பாட்டுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் சைமன் கோவல். 2001-இல் பிரிட்டனில் ‘பாப் ஐடல்’ நிகழ்ச்சியிலும், 2002-இல் அதன் அமெரிக்க வடிவமான ‘அமெரிக்கன் ஐடல்’ நிகழ்ச்சியிலும் நடுவராக உட்கார்ந்தவர். அவர் பாடகர் அல்ல, வாத்தியம் வாசிப்பவரும் அல்ல. இசைத்தட்டு நிறுவனத்தில் கலைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை பார்த்தவர். அமெரிக்க நிகழ்ச்சியில் பக்கத்தில் இருந்த இருவரில் ராண்டி ஜாக்சன் பேஸ் கிட்டார் கலைஞர், பாலா அப்துல் பாடகி, நடன அமைப்பாளர். பெரும்பாலும் ராண்டி முதலில் பேசுவார், அடுத்து பாலா, கடைசியில் சைமன். இந்த வரிசையில்தான் பாதி வித்தை இருக்கிறது.

போட்டியாளர் பாடி முடிக்கிறார். நன்றாக இல்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் நமக்கே தெரிகிறது. முதல் நடுவர் கொஞ்சம் இழுக்கிறார். இரண்டாமவர் உடை அழகாக இருக்கிறது, உன் மனசு எனக்குப் பிடித்திருக்கிறது என்று பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பாராட்டுகிறார். நம் காது கேட்டது ஒன்று, அவர்கள் சொல்வது வேறொன்று. அந்த முரண் வளர்ந்துகொண்டே போகும் நேரத்தில் மூன்றாமவர் வாய் திறந்து, “மோசமாக இருந்தது” என்கிறார். நாம் சிரிப்பது அந்தப் பையன் அல்லது பெண் காயப்பட்டதற்காக மட்டும் அல்ல. நம் காது சரிதான் என்று ஒருவர் உறுதி செய்துவிட்டாரே, அந்த நிம்மதியும் அதில் இருக்கிறது.

இது நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே புரியும். கல்யாண ரிசப்ஷனில் சொந்தக்காரப் பையன் மைக் பிடித்துப் பாடினால், எப்படிப் பாடினாலும் “நல்லா இருந்துச்சுப்பா” என்றுதான் சொல்கிறோம். அது பொய் என்பதைவிட மரியாதை என்பதே பொருத்தம். ஆனால் அந்த மரியாதையைக் கட்டிக் காப்பதில் ஒரு சுமை இருக்கிறது. டிவியில் ஒருவர் அந்தச் சுமையைக் கீழே போடும்போது நமக்கும் இலேசாகிறது.

கடுமைக்குக் கிடைக்கும் மதிப்பையும் இதோடு சேர்க்க வேண்டும். 1983-இல் டெரெசா அமபிலே என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். புத்தக விமர்சனங்களை எடுத்து, ஒரே உள்ளடக்கத்தைச் சாதகமாக ஒரு வடிவத்திலும் பாதகமாக ஒரு வடிவத்திலும் மாற்றிப் படிக்கக் கொடுத்தார். குறை சொல்லி எழுதியவரைப் படித்தவர்கள் அதிக அறிவாளி, அதிகத் திறமைசாலி என்று மதிப்பிட்டார்கள். அதே சமயம் அவரை அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள். நடுவர் குழுவில் ஒரு கறார்ப் பேர்வழியை ஏன் கட்டாயம் வைக்கிறார்கள் என்பதற்கு இதில் பதில் கிடைக்கிறது. அவர் திட்டுவதால் நிகழ்ச்சிக்கே ஒரு தரம் வந்ததுபோலத் தோன்றுகிறது. அவர் அபூர்வமாக ஒரு முறை “நன்றாக இருந்தது” என்று சொன்னால் அதற்கு மற்ற இருவரின் பத்துப் பாராட்டுகளைவிட எடை கூடுகிறது. அந்த அபூர்வமான தலையசைப்புக்காகவே வாராவாரம் காத்திருந்து பார்ப்பவர்கள் உண்டு.

சமையலில் நமக்கு ருசி தெரியாது. உப்பு கூடிவிட்டது என்று நடுவர் சொன்னால் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. வெறுமனே நம்ப வைத்தால் கடுஞ்சொல் ரசிக்காது, அநியாயமாகத் திட்டுகிறாரோ என்று சந்தேகம் வரும். அதனால்தான் கடுஞ்சொல்லுக்குப் பேர்போன பிரிட்டிஷ் சமையல் கலைஞர் கார்டன் ராம்சேயின் நிகழ்ச்சிகளில் நீங்கள் அதிகம் பார்ப்பது உப்பு, புளிப்புப் பிரச்சினை அல்ல, வேகாத கோழி. தட்டில் இருக்கும் துண்டை அவர் கத்தியால் நடுவில் வெட்டுகிறார், கேமரா நெருங்குகிறது, உள்ளே இளஞ்சிவப்பாக இருப்பது தெரிகிறது. “பச்சையாக இருக்கிறது” என்ற கத்தல் அதற்குப் பிறகுதான் வருகிறது. சாட்சியம் முதலில், தண்டனை பிறகு. கருகியது, திரிந்துபோன சாஸ், குழைந்த சோறு, எண்ணெய் மிதக்கும் குழம்பு என்று கண்ணுக்குத் தெரியும் தவறுகளே திரும்பத் திரும்ப வருவதும் இதனால்தான்.

கோழி விஷயத்தில் அந்தக் கோபத்துக்கு நியாயமும் இருக்கிறது. கோழி இறைச்சியின் உள்பகுதி 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும் என்பது அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி. அதற்குக் குறைந்தால் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பிழைத்திருக்கலாம், சாப்பிட்டவர் படுத்துவிடவும் கூடும். 2005-இல் அமெரிக்காவில் தொடங்கிய ராம்சேயின் ‘ஹெல்ஸ் கிச்சன்’ போட்டியாளர்களில் பெரும்பாலோர் சமையலைத் தொழிலாகக் கொண்டவர்கள். வெளியே மேசையில் விருந்தினர் உட்கார்ந்திருக்க, உள்ளே பரிமாறும் வேலை ஓடுகிறது. ஒரு தட்டு திரும்பி வந்தால் அந்த மேசைக்கான மற்ற தட்டுகளும் நின்றுபோகும், அதற்குள் வெந்தவை ஆறிப்போகும். ஹோட்டல் சமையலறையில் நின்றவர்களுக்கு அந்த அவசரம் தெரியும். பார்ப்பவருக்கும் அது மறைமுகமாகப் புரிகிறது. அதனால் கத்தலை வேலையின் சத்தமாக ஏற்றுக்கொள்கிறோம்.

நம் ரசிப்புக்கு இன்னொரு கால், ‘இவனுக்கு வேண்டும்’ என்ற எண்ணம். பிறர் தோல்வியில் வரும் மகிழ்ச்சி, அந்தத் தோல்வி தகுதியானது என்று தோன்றும்போதுதான் கூச்சமில்லாமல் வெளிவரும். படத்தொகுப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பாட வருவதற்கு முன் ஒரு சின்னப் பேட்டி காட்டுவார்கள், கவனித்திருப்பீர்கள். “நான்தான் ஜெயிப்பேன், மற்றவர்கள் என் கால்தூசி” என்று ஒருவர் சொல்வது அங்கே வரும். அவர் மணிக்கணக்கில் பேசியதிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தை எடுத்து முன்னால் ஒட்டியிருக்கலாம். அது ஒட்டப்பட்ட பிறகு நடுவர் என்ன சொன்னாலும் நமக்கு நியாயமாகவே படும். அதே ஆளின் அம்மா மருத்துவமனையில் இருக்கும் காட்சியை முன்னால் வைத்திருந்தால், அதே சொல் நமக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும். ஆக, கடுஞ்சொல் சுவையாவதும் கசப்பதும் பெரும்பாலும் அது சொல்லப்படுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

ராம்சேயின் திட்டுகளிலேயே உலகம் முழுக்க மிகப் பிரபலமானது, ஒருவருடைய தலைக்கு இருபுறமும் ரொட்டித் துண்டை வைத்து, “நீ என்ன?” என்று கேட்டு, “முட்டாள் சாண்ட்விச்” என்று சொல்ல வைக்கும் காட்சி. அது எந்தச் சமையல் போட்டியிலும் நடக்கவில்லை. 2015-இல் ஜேம்ஸ் கார்டனின் இரவு நிகழ்ச்சிக்காக நடித்துக் காட்டிய நகைச்சுவைக் காட்சி. ரொட்டிக்கு நடுவில் நின்றவர் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜூலி சென். அவரும் சேர்ந்தே நடித்தார். நாம் பயமில்லாமல் ரசித்த அந்த உச்சபட்ச அவமதிப்பில் அவமதிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. கடுமையில் மக்கள் விரும்புவது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. சீறல் வேண்டும், காயம் வேண்டாம்.

இனி இரண்டாவது கேள்வி. நான் பாட்டு சொல்லிக் கொடுப்பவன், அதனால் பாட்டிலிருந்தே விளக்குகிறேன். இயல்பாக 5 கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண் மேடைக்கு வருகிறார். ஒரு சினிமாப் பாட்டை, மூலப் பாடகி பாடிய அதே சுருதியில்தான் பாடுவேன் என்று எடுக்கிறார். பல்லவி கீழேயே நடப்பதால் சிக்கல் தெரியவில்லை. சரணத்தில் மேல் ஸ்தாயியில் ஒரு சுரத்தில் நின்று நீட்ட வேண்டும். தொடுவதற்குக் குரல் இருக்கிறது, நிற்பதற்கு மூச்சு இல்லை. தொண்டை இறுகுகிறது, சுரம் கொஞ்சம் இறங்கி நிற்கிறது. இரண்டாம் சரணத்திலும் அதே இடத்தில் அதே தவறு. இதற்கு மூன்று நடுவர்கள் மூன்று விதமாகச் சொல்லலாம்.

ஒருவர்: “சரணத்தில் மேலே போன ரெண்டு தடவையும் சுருதி இறங்கிடுச்சும்மா. இந்தக் கட்டை உங்களுக்கு இல்லை. ரிகர்சல்லயே தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சும் எடுத்திருந்தா அது அலட்சியம். இதுக்கு நான் மார்க் போட முடியாது.”

இன்னொருவர்: “பாட்டையே கொலை பண்ணிட்டீங்க.”

மூன்றாமவர்: “உங்களைப் பாடச் சொன்னது யாரு? வீட்ல இருக்கவங்களுக்குக் காது கேக்காதா?”

முதலாவது மூன்றிலும் மென்மையானது அல்ல. அலட்சியம் என்ற சொல் சுருக்கென்று குத்தும், மார்க்கும் போய்விட்டது. ஆனாலும் அதைக் கேட்ட பெண் மறுநாள் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகிறார். ஒரு கட்டை இறக்கிப் பாடிப் பார்க்கலாம். ஒத்திகையிலேயே வாத்தியக்காரர்களிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திச் சுருதியை மாற்றிவிடலாம், புல்லாங்குழல்காரர் வேறு குழல் எடுக்க வேண்டியிருக்கும். அல்லது அந்த இடத்துக்கு முந்தைய வரியில் மூச்சு எடுக்கும் இடத்தை மாற்றலாம். இதைவிட முக்கியமாக, நடுவர் சொன்னது தவறு என்றால் அதையும் காட்ட முடியும். பதிவை ஓட்டி, தம்புராவோடு வைத்துக் கேட்டால் சுருதி நின்றதா இறங்கியதா என்று தெரிந்துவிடும். பேசியவரும் மாட்டிக்கொள்ளக்கூடிய பேச்சு அது.

இரண்டாவது, நிகழ்ச்சிகளில் நாம் அதிகம் கேட்பது. ஆளைத் திட்டவில்லை, பாட்டைத்தான் சொல்கிறார். ஆனால் எந்த இடத்தில், எதனால் என்று ஒன்றும் இல்லை. இதை அவமதிப்பு என்று நான் சொல்லமாட்டேன், விமர்சனம் என்றும் சொல்லமாட்டேன். கைதட்டலுக்கு ஒரு வரி, அவ்வளவுதான். மூன்றாவதில் சரணமும் இல்லை, சுருதியும் இல்லை. வேறு எந்தப் பாட்டைப் பாடியிருந்தாலும், ஏன், தோசை சுட்டிருந்தாலும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம். மறுத்துப் பேசவும் வழியில்லை. குடும்பத்தையும் இழுத்தாயிற்று. இதுதான் அவமதிப்பு.

திட்டின் சூட்டை மட்டும் வைத்து அளந்தால் ஏமாந்துபோவோம் என்று இதனால்தான் சொல்கிறேன். சிரித்த முகத்தோடு, “உங்க அளவுக்கு ஓகே, முயற்சி பண்ணியிருக்கீங்க” என்று சொல்லி அனுப்புவது குரல் உயராத அவமதிப்பு. இவருக்கு இதற்குமேல் வராது என்று ஆளுக்கே எல்லை போட்டுவிடுகிறது அது.

ஆளைப் பற்றிய பேச்சு புண்படுத்துவதோடு நிற்பதில்லை, வேலையையும் கெடுக்கிறது. அவ்ராஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், கருத்துச் சொல்வதால் செயல்திறன் என்ன ஆகிறது என்று அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 1996-இல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துச் சொன்னது பயன் தந்திருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட சமயங்களில் கருத்துக் கேட்ட பிறகு செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையிலிருந்து விலகித் ‘நான் எப்படிப்பட்டவன்’ என்ற பக்கம் திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பாட்டு வகுப்பில் இதைக் கண்ணால் பார்க்கலாம். “மேல் சுரம் இறங்குது” என்றால் பிள்ளை அந்தச் சுரத்தைத் தேடும். “உனக்கு சுருதி ஞானமே இல்லை” என்றால் அடுத்த வரியிலிருந்து குரலே அடங்கிப்போகும், முன்பு சரியாக நின்ற சுரமும் ஆட ஆரம்பிக்கும்.

சிக்கலான ஒரு நிஜ உதாரணம் வில்லியம் ஹங். பெர்க்லியில் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மாணவர். 2004 தொடக்கத்தில் ஒளிபரப்பான ‘அமெரிக்கன் ஐடல்’ தேர்வில் பாடி ஆடினார். நடுவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மறைத்தார்கள். சைமன் அவரை இடையில் நிறுத்தி, உனக்குப் பாடவும் வரவில்லை, ஆடவும் வரவில்லை, நான் என்ன சொல்லட்டும் என்ற பொருளில் கேட்டார். ஹங் அமைதியாக, என்னால் முடிந்ததைச் செய்தேன், எனக்கு வருத்தமே இல்லை என்றார். முறையான பயிற்சி எடுத்ததில்லை என்பதையும் சொன்னார்.

சைமனின் வார்த்தைகளை மட்டும் தனியே எடுத்தால் முதல் இரண்டும் உண்மை. இந்த இடத்தில் அவமதிப்பைச் செய்தது அவருடைய வாய் அல்ல என்பது என் உறுதியான கருத்து. இந்த நிகழ்ச்சிகளில் ஆயிரக்கணக்கில் வரும் எல்லோரும் பிரபல நடுவர் முன்னால் போவதில்லை. தயாரிப்புக் குழுவினர் முன்னதாகச் சுற்றுகள் நடத்தி வடிகட்டுகிறார்கள். மிக நன்றாகப் பாடுபவர்கள் தேறுகிறார்கள், டிவியில் வேடிக்கையாகத் தெரியக்கூடிய சிலரும் தேறுகிறார்கள். சுமாராகப் பாடுபவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அப்படித் தேறியவர் தன் பாட்டுக்காகத் தேறினோம் என்று நம்பித்தான் நடுவர் முன் நிற்கிறார். எதற்காகத் தேறினார் என்பது அறையில் இருப்பவர்களில் அவருக்கு மட்டும் தெரியாது. அந்த ஏற்பாட்டுக்குள் நடுவர் எவ்வளவு நாகரிகமாகப் பேசினாலும் அது அவமதிப்புதான். ஹங் பின்னால் ஆல்பம் வெளியிட்டார், புகழும் பெற்றார். அது அவருடைய மன உறுதிக்குக் கிடைத்தது. அவரைப் பார்த்துச் சிரித்ததில் ஆசிய முகத்தையும் உச்சரிப்பையும் பார்த்துச் சிரித்த சிரிப்பும் கலந்திருந்தது என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில், அதே கடுஞ்சொல் ராம்சே. 2012-இல் அமெரிக்க ‘மாஸ்டர்செஃப்’ போட்டியில் கிறிஸ்டீன் ஹா கலந்துகொண்டார். பார்வை இழந்தவர். ஒரு சுற்றில் ஆப்பிள் பை செய்ய வேண்டியிருந்தது. பையின் மேலோடு சரியாக வந்ததா என்று மற்றவர்கள் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள், அவருக்கு அந்த வழி இல்லை. தான் செய்தது குப்பை மாதிரி இருக்கும் என்று நினைத்துக் கண்கலங்கி நின்றார். ராம்சே அவரைத் தேற்ற ஆரம்பிக்கவில்லை. பை எப்படி இருக்கிறது என்று நிறத்திலிருந்து விளிம்பு வரை ஒவ்வொன்றாக வர்ணித்தார். பிறகு கத்தியை மேலோட்டின் மேல் உரசி, அந்த மொறுமொறு சத்தத்தை அவர் காதால் கேட்க வைத்தார். நமக்காக வெட்டிக் காட்டும் அதே சாட்சியத்தை, இங்கே போட்டியாளருக்கு எட்டும் வடிவத்தில் மாற்றிக் கொடுத்தார். அந்த ஆண்டு பட்டமும் ஹாவுக்குத்தான்.

இதே மனிதர் 2013-இல் தொடங்கிய ‘மாஸ்டர்செஃப் ஜூனியர்’ நிகழ்ச்சியில் குழந்தைகளோடு குனிந்து நின்று பேசுகிறார். வேகாததை வேகாதது என்று அங்கேயும் சொல்கிறார். அளவுகோல் அங்கேயும் இருக்கிறது, கெட்ட வார்த்தையும் சீறலும் இல்லை. அந்தச் சீறல் அவரால் அடக்க முடியாத குணம் அல்ல, இடம் பார்த்து எடுக்கும் கருவி என்று இதிலிருந்து தெரிகிறது. கருவி என்றான பிறகு, யார்மேல் எடுத்தார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. தொழில்முறைச் சமையல்காரர்மேல் எடுத்ததை நான் ஏற்பேன். வீட்டுச் சமையலோடு ஆசைப்பட்டு வந்தவர்மேல் எடுத்தால் ஏற்கமாட்டேன்.

கடுமை இல்லாவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற வாதத்துக்கும் சான்று பலவீனம். ‘மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா’ தன்மையான நடுவர்களோடு நடந்த நிகழ்ச்சி. 2010 ஜூலையில் அதன் இறுதிச்சுற்று ஒளிபரப்பான அன்று, அந்நாட்டுப் பொதுத்தேர்தல் தலைவர்களின் தொலைக்காட்சி விவாதத்தையே நேரம் மாற்றி முன்னதாக வைத்தார்கள். தவறைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்வதே போதுமான நாடகம். சீறல் அதற்கு மேலே தூவும் மசாலாதான்.

பார்க்கும்போது கோட்டைக் கண்டுபிடிக்க நான் கவனிப்பது நடுவரின் கண்ணை. திருத்தம் சொல்பவர் போட்டியாளரைப் பார்த்துப் பேசுவார், பதில் வருமா என்று நிறுத்துவார். அவமதிப்பவர் பாதி வாக்கியத்திலேயே பக்கத்து நடுவர் பக்கமோ கேமரா பக்கமோ திரும்பிவிடுவார், ஏனென்றால் அந்த வாக்கியம் அவர்களுக்காகச் சொன்னது. எதிரே நிற்பவர் அதற்குக் கிடைத்த பொருள் மட்டுமே.

நேரமும் முக்கியம். அடுத்த வாரமும் பாடப்போகிறவரிடம் “கட்டை தப்பு” என்று கடுமையாகச் சொன்னால் அதற்குப் பயன் இருக்கிறது. வெளியேற்றும் நிமிடத்தில், அழுதுகொண்டு நிற்பவரிடம், அதே சரியான குறையை அதே கடுமையோடு சொன்னால் அதை வைத்துக்கொண்டு அவர் செய்ய அந்த மேடையில் எதுவும் மிச்சமில்லை. குறை உண்மையானதுதான், கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டியவர் மட்டும் அங்கே இல்லாமல் போய்விடுகிறார். நல்ல நடுவர்கள் அந்த நிமிடத்தில் “நீங்க போறீங்க” என்ற முடிவை மட்டும் சொல்லிவிட்டு, கட்டை பற்றிய பேச்சைக் கேமரா அணைந்த பிறகு மேடைக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்கள். ஒளிபரப்பில் அது வராது.